இருபத்திரண்டு மைக்ரோ, சாமா

அறுபத்து நான்கு மில்லிவோல்ட் என்று சாஹித் அண்ணன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். என்னிடம் வந்து சொல்லவில்லை. ஆபீஸ் முழுக்க இருக்கும் குழுவில், அலை காட்டும் ஸ்கோப்பின் திரையைப் படம் பிடித்து, கீழே ஒரு வரி: "டிசைனர் அம்மாவோட கம்ப்யூட்டர்ல நாலு. என் லேப்ல அறுபத்து நாலு. யார் பொய் சொல்றது?" அதற்குக் கணக்குப் பிரிவிலிருந்துகூட ஆறேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். மில்லிவோல்ட் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மங்கள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன கம்பெனி எங்களுடையது. பிறருக்காகப் பவர் சப்ளை வரைந்து, செய்து, அளந்து கொடுப்போம். வரைகிற நாற்காலிக்கு சாஹித் அண்ணன் வெகுகாலமாகக் கண் வைத்திருந்தார். அவர் ஜார்ஜ் டவுன்காரர், லேப் அவர் ராஜ்ஜியம். மேனேஜர் பழனியப்பன் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்காமல், அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி வருகிற என்னை உட்கார வைத்துவிட்டார். அதுவும் தற்காலிகமாக. இந்த போர்டு பாஸானால் என்னை நிரந்தரமாக்குவார்கள். ஃபெயிலானால் வீட்டுக்கு. வேலை நிரந்தரமாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். சாஹித் அண்ணனுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் குழுவில் போட்டார்.

போர்டு ஒரு பக் கன்வெர்ட்டர். எண்ணெய்ப்பனைப் பழம் ஏற்றுகிற சின்ன லாரிகளில் எடை பார்க்கும் கருவி ஒன்று வைக்கிறார்கள். நிபோங் திபால் பக்கத் தோட்டங்களில் அதற்கு நல்ல கிராக்கி. லாரி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக இறக்கி அந்தக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சுவிட்ச் நொடிக்கு ஐந்து லட்சம் தடவை திறந்து மூடும். வருகிற மின்சாரத்தின் துள்ளலைக் காயில் என்கிற கம்பிச் சுருள் அடக்கும். மிச்சத்தைக் கெப்பாசிட்டர் விழுங்கும். அதற்கும் அடங்காமல் ஐந்து வோல்ட்டின் தலைமேல் ஆடுகிற சின்ன அலைக்குப் பெயர்தான் ரிப்பிள். அது பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் எடை தப்பாகக் காட்டும். பத்துக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான் கஸ்டமரின் நிபந்தனை.

செய்வதற்கு முன்னால் சர்க்யூட்டை மென்பொருளில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். காயில் பத்து மைக்ரோஹென்ரி, கெப்பாசிட்டர் இருபத்திரண்டு மைக்ரோஃபாரட்டில் இரண்டு. அலை நாலு மில்லிவோல்ட்டைக்கூடத் தொடவில்லை. அழகான அலை. அதைப் பார்த்துத்தான் போர்டே செய்யக் கொடுத்தேன்.

நேராக லேப்புக்குப் போனேன். சாஹித் அண்ணன் பால் விடாத தே ஓ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாங்க டிசைனர் அம்மா. கம்ப்யூட்டர் கேம் விளையாடி முடிஞ்சிச்சா?"

"அண்ணே, மரியாதையா கேக்குறேன். எப்படி அளந்தீங்க?"

"எப்படி அளப்பாங்க? ப்ரோப் வச்சித்தான். நீ காலேஜ்ல மூக்கால அளந்தியா?"

மேசையைப் பார்த்தேன். அளக்கிற ஊசியான ப்ரோப்பின் முனை கெப்பாசிட்டர்மேல் இருந்தது. அதன் கிரவுண்ட், ஒரு சாண் நீளக் கறுப்பு ஒயர், முதலைக் கிளிப்பை மாட்டிக்கொண்டு போர்டின் மறுமூலையில் தொங்கியது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்த ஒயர் வளையம் ஏரியல் மாதிரி வேலை செய்யும். சுவிட்ச் திறந்து மூடும்போது காற்றில் பறக்கிற குப்பையையெல்லாம் பிடித்து ஸ்கோப்பில் கொட்டும். திரையில் நிற்பது ஈட்டி ஈட்டியாக அந்தக் குப்பைதான். ரிப்பிள் அதற்கு அடியில் எங்கோ கிடக்கிறது.

அமைதியாகச் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் பழனியப்பனைக் கூப்பிட்டேன். பர்சேஸ் சல்மா அக்காவையும் கூப்பிட்டேன். குழுவில் சிரித்தவர்களில் கையில் கிடைத்த எல்லோரையும் கூப்பிட்டேன்.

"அண்ணே, ப்ரோப் முனையை எடுத்து அந்த முதலைக் கிளிப் மேலேயே வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன். கிரவுண்டை கிரவுண்டோட அளக்கப் போறீங்க. என்ன வரணும்?"

"ஒண்ணும் வராது. சைபர். இது என்ன கேள்வி?"

"வைங்க."

வைத்தார். திரையில் ஐம்பத்தைந்து மில்லிவோல்ட் ஈட்டிகள் எழுந்து நின்றன. சாஹித் அண்ணன் முனையை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஐம்பத்தைந்து.

"சைபர்னு சொன்னீங்க?" என்றேன். "பாவம், உங்க ஸ்கோப்புக்குத் தெரியல போலிருக்கு."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அது போதவில்லை. டிராயரைத் திறந்தேன். ப்ரோப் செய்தவர்கள் அதோடு கொடுத்திருந்த பிளாஸ்டிக் பை, பிரிக்காமலே கிடந்தது. அதற்குள் ஒரு குட்டி ஸ்பிரிங். ப்ரோப்பின் கழுத்தில் சுற்றினால் கிரவுண்ட் வழி விரல் நக அளவுக்குச் சுருங்கிவிடும். பையைப் பல்லால் கிழித்து, ஸ்பிரிங்கை மாட்டி, ஸ்கோப்பில் இருபது மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டு, கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே நேராக வைத்தேன். ஈட்டிகள் காணாமல் போயின. அடியில் கிடந்த நிஜமான அலை வெளியே வந்தது. ஒன்பது மில்லிவோல்ட்.

"ஒன்பது. பத்துக்குக் கீழே," என்றேன். "பையைக்கூடப் பிரிக்காம லேப் நடத்துறாங்கப்பா இங்க."

பழனியப்பன் கை தட்டினார். "அப்படிப் போடு! வெள்ளிக்கிழமை கஸ்டமர் ரிவியூ முடியட்டும். முடிஞ்ச கையோட உன்னை கன்ஃபர்ம் பண்ணிடறேன் மோகனா."

எல்லோரும் கலைந்தார்கள். சாஹித் அண்ணன் முகம் கறுத்துப் போயிருந்தது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கதவருகில் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கம்ப்யூட்டர்ல எவ்வளவு?"

"என்ன?"

"உன் கம்ப்யூட்டர்ல எவ்வளவு? நாலு. இங்க ஒன்பது. நாலும் ஒன்பதும் சாமாவா?"

எங்கள் ஊரில் வாயில் மெல்லுகிற சொல் அது. மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லோருக்கும் 'சாமா' என்றால் இரண்டும் ஒன்றேதான். டீயும் காப்பியும் தீர்ந்துபோனால்கூடக் கடைக்காரர், பேச்சின் வாலில் எங்கள் வழக்கமான 'லா'வையும் ஒட்டி, "மைலோ இருக்கு, சாமா லா" என்பார்.

"பத்துக்குக் கீழதானே அண்ணே? போய் வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி நாலையும் ஒன்பதையும் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். அந்த மனுஷன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதுதான் எரிச்சல். அளவில் இருந்த பொய்யை நான் கழுவிவிட்டேன். கழுவிய பிறகும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது என்றால், பொய் இப்போது என் பக்கத்தில் இருக்கிறது.

மறுநாள் காலையில் பர்சேஸுக்குப் போய் சல்மா அக்காவிடம், கடைசியில் எந்தக் கெப்பாசிட்டர் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ஐயோ, உன்கிட்ட கேட்டுட்டுத்தானே வாங்கினேன்! நீ எழுதின பெரிய சைஸ் ஸ்டாக் இல்ல. இருபத்திரண்டு மைக்ரோ சின்ன சைஸ்ல இருக்கு, சாமா தான், ஓகேயான்னு கேட்டேன். நீ வாயில ரொட்டிச் சானாயை வச்சிக்கிட்டு, சாமான்னா ஓகே லா அக்கான்னு சொன்ன. ஞாபகமில்லயா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. கேன்டீனில், கையில் குழம்போடு, தலையை ஆட்டிக்கொண்டே சொல்லியிருந்தேன்.

மேசைக்கு வந்து அந்தச் சின்ன கெப்பாசிட்டரின் விவரத்தாளைத் திறந்தேன். அந்த வகை செராமிக் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. தலைமேல் வோல்ட் ஏற ஏற, கொள்ளளவு சுருங்கும். உடல் சின்னதாக இருந்தால் இன்னும் மோசமாகச் சுருங்கும். தாளில் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. சும்மா இருக்கும்போது இருபத்திரண்டு. ஐந்து வோல்ட் ஏற்றினால் எட்டு. பெட்டியில் எழுதியிருக்கும் எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு. என் மென்பொருளுக்கு உடம்பின் அளவு தெரியாது. இருபத்திரண்டு என்று நான் தட்டினேன், இருபத்திரண்டு என்று அது நம்பியது. மாற்றுப் பொருள் வந்தபோது கோப்பில் மாற்ற ஒன்றுமே இருக்கவில்லை. அதற்கும் சாமாதான்.

இருபத்திரண்டை அழித்து எட்டு என்று போட்டு ஓட்டினேன். ஒன்பது மில்லிவோல்ட். லேப்பில் எடுத்த அலையைக் கொண்டுவந்து மேலே வைத்தேன். ஒன்றின்மேல் ஒன்று படிந்துகொண்டது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் அதைவிடச் சந்தோஷம் கிடையாது. ஒரு நிமிஷம் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

பிறகுதான் லாரி ஞாபகம் வந்தது. பேட்டரி பன்னிரண்டு வோல்ட் என்பது லாரி நிற்கும்போது. இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதைப் பதினான்கரைக்கு ஏற்றும். உள்ளே வரும் வோல்ட் ஏறினால் காயிலின் ஆட்டம் கூடும், ரிப்பிளும் கூடும். பதினான்கரை போட்டு ஓட்டினேன். பத்தைத் தாண்டியது. கொஞ்சம்தான் தாண்டியது, ஆனால் தாண்டியது. கெப்பாசிட்டர் உற்பத்தியில் கொஞ்சம் மட்டமாக வந்திருந்தால் என்று போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. லாரி நின்றால் பாஸ், ஓடினால் ஃபெயில். இன்ஜினை அணைத்துவிட்டுப் பழம் நிறுக்கிற டிரைவரை நான் கண்டதில்லை.

நான் முதலில் எழுதிய பெரிய கெப்பாசிட்டரே இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். நான் 'சாமா' சொன்னதுதான் இப்போது கழுத்தில் கயிறு.

பழனியப்பன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"கஸ்டமர் என்ன எழுதியிருக்காங்க?"

"பன்னிரண்டு வோல்ட் பேட்டரின்னு."

"பன்னிரண்டுல பாஸா?"

"பாஸ்."

"அப்ப முடிஞ்சிச்சு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுல காட்டு, கையெழுத்து வாங்கு. உன் வேலையும் கன்ஃபர்ம், என் தலையும் தப்பும். பிறகு எவனாச்சும் கத்தினா பார்த்துக்கலாம். வாயைத் திறக்காத மோகனா. திறந்தா நான் உனக்காக நிக்க முடியாது."

திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஃபிளாட்டின் சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு நடந்தேன். லேப் கண்ணாடியைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். சாஹித் அண்ணன் தனியாக என் போர்டின்மேல் குனிந்திருந்தார். ப்ரோப்பின் கழுத்தில் அந்த ஸ்பிரிங். பக்கத்தில், பேட்டரிக்குப் பதில் நிற்கும் சப்ளைப் பெட்டியின் சிவப்பு எண்கள்: 14.5.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்கோப்பை அணைத்தார். பல் தெரியச் சிரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் குழுவில் போடப்போவதில்லை. பழனியப்பனிடமும் சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்து, கஸ்டமர் முன்னால், நான் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, வோல்ட்டை ஏற்றும் குமிழைத் திருகப்போகிறார். கூட்டம் கூட்டி நான் அவருக்குச் செய்தேனே, அதே மரியாதை.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் கம்பெனியிலிருந்து காமாரியா என்கிற மலாய் எஞ்சினியர் வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற, சுருக்கமாகப் பேசுகிற அம்மா. போர்டை லேப் மேசையில் வைத்தே பார்க்க வேண்டும் என்றார். பழனியப்பன் பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்பது மில்லிவோல்ட் என்று காட்டிப் பல்லை இளித்தார். காமாரியா தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

சாஹித் அண்ணனின் கை சப்ளைப் பெட்டியை நோக்கி நகர்ந்தது. தொண்டையை வேறு செருமிக்கொண்டார்.

தோற்பது தோற்பதுதான். ஆனால் அந்த ஆள் வாயால் நான் தோற்க மாட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் குமிழைப் பிடித்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இது லாரி நிற்கும்போது. ஓடும்போது பாருங்கள்."

திருகினேன். பதினான்கரை. அலை பத்தைத் தாண்டி ஏறி நின்றது. பழனியப்பனின் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் நிறுத்தவில்லை. சிமுலேஷனில் நாலு வந்தது ஏன், சின்ன கெப்பாசிட்டருக்கு யார் சரி சொன்னது, அது எப்படிச் சுருங்கியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த படத்தைக் காட்டினேன். போர்டைச் சின்ன சைஸுக்கு வரைந்துவிட்டோம், பெரிய உடம்புக் கெப்பாசிட்டருக்கு இடமில்லை, திரும்ப வரைய வேண்டும், சில வாரம் ஆகும் என்றேன்.

காமாரியா பேனாவை மூடினார். திரும்ப வரைந்து கொண்டுவாருங்கள், பதினைந்து வோல்ட் வரைக்கும் அளந்து காட்டுங்கள், அதுவரை கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

திட்டுவதற்குப் பழனியப்பன் இருந்தார். கதவு மூடியதும் ஆரம்பித்தார். சொன்ன பேச்சு கேட்காத கழுதை என்றார். கம்பெனி மானத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன் என்றார். கன்ஃபர்ம் என்ற பேச்சையே எடுக்காதே என்றார். கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"திங்கள்லேர்ந்து நீ லேப்ல உட்காரு. நீ வரையறதை நீயே அளக்கணும். சாஹித் சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும். அவன் உன்னை வேணாம்னா, நீ கிளம்பலாம்."

இதைவிட வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம்.

திங்கட்கிழமை போனேன். எனக்கென்று கால் ஆடுகிற ஸ்டூல் ஒன்றை மூலையில் சாஹித் அண்ணன் போட்டு வைத்திருந்தார்.

"என் வாய்ல வச்ச சோத்தைப் பிடுங்கிட்ட," என்றார் நான் உட்கார்ந்ததும். "ரெண்டு நாள் காத்திருந்தேன், தெரியுமா?"

"தெரியும்ணே. அதுக்குத்தான் பிடுங்கினேன்."

"கஸ்டமருக்காக இல்ல?"

"உங்க மூஞ்சிக்காக."

"ம். அதையாச்சும் ஒத்துக்கிட்டியே."

நான் விடவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டு கேட்டேன். "இப்ப என்னண்ணே பெருமை? நீங்க கிளிப்பைத் தப்பா மாட்டி அறுபத்து நாலுன்னீங்க. நான் சைஸைப் பார்க்காம நாலுன்னேன். உங்களுக்கும் தப்பு, எனக்கும் தப்பு. சாமாதான் லா."

சாஹித் அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தக் குட்டி ஸ்பிரிங்கை எடுத்து என் முன்னால் மேசையில் போட்டார்.

"சாமா இல்ல," என்றார். "பேருதான் சாமா, சைஸ் வேற. என் தப்பு இந்த மேசையோட நின்னுச்சு. பன்னிரண்டுல பாஸான போர்டை ஃபெயில்னு சொன்னேன், நாலு பேர் சிரிச்சாங்க, முடிஞ்சிச்சு. உன் தப்பு லாரி ஏறியிருக்கும். நான் அன்னிக்கு லேப்ல தனியா பதினாலரைக்குத் திருகினதை நீ பார்க்கலேன்னா, வாயைத் திறந்திருப்பியா?"

வாயைத் திறந்தேன். சமையலறைச் சுவரின் நிறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்கோப்பை என் பக்கமாகத் திருப்பிவிட்டுத் தே ஓ வாங்கப் போய்விட்டார். நான் ஸ்பிரிங்கை எடுத்து ப்ரோப்பில் மாட்டினேன்.